மாநிறம் என்று எழுதினால் என்னவென்று படிக்கிறார்கள்?

எந்தக் கல்யாணக் குறிப்பை எடுத்தாலும் வயது, உயரம், நட்சத்திரம் என்று வரும் வரிசையில் ‘நிறம்’ என்றும் ஒரு கட்டம் இருக்கும். வயதுக்கு ஆதாரம் இருக்கிறது, உயரத்துக்கு டேப் இருக்கிறது, நட்சத்திரத்துக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது, நிறத்துக்கு மட்டும் எழுதுகிறவர் மனசுதான் அளவுகோல். காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் டைப்பிங், ஜெராக்ஸ், போட்டோ பிரிண்ட் எல்லாம் சேர்ந்த கடை எங்களுடையது. கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து எல்லாச் சமூகத்தாரும் குறிப்பு அடிக்க வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் சிவப்பு என்பார்கள், மாநிறம் என்பார்கள், இங்கிலீஷில் வேண்டுமென்றால் ஃபேர், வீட்டிஷ். கருப்பு என்று அடிக்கச் சொன்னவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இந்த ஊரில், இந்த வெயிலில்!

அப்போ கருப்பாக இருக்கிறவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? மாநிறத்துக்குள் போய்விட்டார்கள். நிஜமாகவே மாநிறமாக இருப்பவர்கள் சிவப்புக்குள் போய்விட்டார்கள், ஏனென்றால் மாநிறம் என்று எழுதினால் கருப்பு என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். சிவப்பாக இருப்பவர்களுக்கோ வெறும் சிவப்பு போதவில்லை, ‘நல்ல சிவப்பு’, ‘எலுமிச்சம்பழ நிறம்’, ‘வெரி ஃபேர்’ என்று இன்னும் ஒரு படி ஏறுகிறார்கள். படிக்கிற மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் இதே ஊர்தானே, அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கும் இப்படித்தானே எழுதினார்கள், அதனால் படிக்கும்போதே ஒரு படி கழித்துக்கொள்கிறார்கள். ரோட்டோரக் கடையில் அவன் கூட்டிச் சொல்வான், நாம் குறைத்துக் கேட்போம், அந்தக் கணக்குதான். இதில் அடிபடுகிறவர் உள்ளதை உள்ளபடி எழுதுகிறவர். அவர் எழுதிய மாநிறத்திலிருந்தும் ஒரு படி கழிக்கப்படும்.

ஆகவே இந்த வார்த்தைகளைத் தோலின் நிறத்துக்கான பெயர்களாக எடுத்துக்கொண்டால் ஒன்றும் புரியாது. பேரம் ஆரம்பிக்கும்போது நாம் எங்கே நின்று பேசப்போகிறோம் என்பதைச் சொல்லும் வார்த்தைகள் அவை. ‘நிறம்’ கட்டத்தைப் பெண்ணின் குறிப்பில் யாரும் காலியாக விடுவதில்லை. பையன் குறிப்பில் அதே கட்டத்தைப் பாதிப் பேர் கண்டுகொள்வதே இல்லை, கேட்டால் “அது என்னத்துக்குண்ணே, கம்பெனி பேரையும் சம்பளத்தையும் கொஞ்சம் பெருசாப் போடுங்க” என்பார்கள். ஆனால் அதே பையன் குறிப்பின் கடைசியில் ‘எதிர்பார்ப்பு’ என்ற இடத்தில் ‘படித்த, சிவந்த, குடும்பப் பாங்கான பெண்’ என்று மறக்காமல் வந்துவிடும். நாளிதழ் வரி விளம்பரத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். வரிக்கு வரி காசு என்பதால் ‘மணமகள் தேவை’ என்பதைத் தவிர மற்றதையெல்லாம் சுருக்குவார்கள், படிப்பைச் சுருக்குவார்கள், ஊர்ப் பெயரைக்கூடச் சுருக்குவார்கள், ‘சிவந்த’ என்ற சொல்லுக்கு மட்டும் காசு கொடுத்துவிடுவார்கள்.

தினப்பேச்சில் இது எப்படி ஊறியிருக்கிறது என்று பார்க்க ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். “கருப்பா இருந்தாலும் களையா இருப்பா.” “கலர் கம்மின்னாலும் மூக்கும் முழியுமா லட்சணம்.” கருப்புக்குப் பின்னால் வரும் இருந்தாலும் எப்போதும் ஒரு நல்லதைக் கொண்டுவந்து ஈடுகட்டும். சிவப்புக்கும் அது வரும், ஆனால் திசை மாறி வரும்: “சிவப்பா இருந்தாலும் முகத்துல களையே இல்லப்பா.” ஆக கருப்பு என்பது ஆரம்பக் கடன், நற்குணங்களைக் கொடுத்து அடைக்க வேண்டும். சிவப்பு என்பது ஆரம்ப இருப்பு, குறை சொன்னால்தான் கழியும். பேசுகிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை, பாராட்டத்தான் நினைக்கிறார்கள். பாராட்டுக்குள்ளேயே கணக்கு உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு பிறந்த அன்றைக்கே தொடங்கிவிடும். ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்க்க வரும் பெரியவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்டு முடித்ததும் காது மடலின் ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள், நகக்கண்ணைப் பார்ப்பார்கள். “இப்ப செக்கச்செவேல்னு இருக்கு, காது கருத்திருக்கு பாரு, போகப் போக அப்பச்சி நிறம்தான் வரும்” என்று அப்பத்தா தீர்ப்பு சொல்லிவிடுவார். இதில் பாதி உண்மை இருக்கிறது. பிறந்த குழந்தையின் தோலில் மெலனின் முழுதாக வந்திருக்காது, மெல்லிய தோலுக்கு அடியில் ஓடும் ரத்தம்தான் சிவப்பாகத் தெரிகிறது, வாரங்கள் மாதங்கள் போகப் போக நிறம் கூடும். ஆனால் கர்ப்பத்தில் பாலோடு சாப்பிடும் குங்குமப்பூவுக்கும் குழந்தையின் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நிறமி உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கை கருப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன, எப்படிப்பட்ட துகள்களாகப் பரப்புகின்றன என்பதில்தான் வித்தியாசம். அதைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் பல என்பதால் ஒரே தாய் தகப்பனுக்கு ஒரு பிள்ளை சிவப்பாகவும் ஒரு பிள்ளை கருப்பாகவும் பிறப்பது சாதாரணம். இந்தச் சாதாரண விஷயத்துக்குத்தான் ஒரே வீட்டில் அக்காளுக்கு ஒரு பேச்சும் தங்கைக்கு ஒரு பேச்சும் நடக்கிறது. “சின்னவளை முதல்ல காட்டிடாதீங்க” என்று தரகர் சொல்வது எதற்காக என்று பெரியவளுக்கும் தெரியும்.

பழைய ஆட்களின் பெயர்களைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. நகரத்தார் வீடுகளில் சிகப்பி ஆச்சியும் உண்டு, கருப்பாயி ஆச்சியும் உண்டு. வெள்ளையன் செட்டியார், கருப்பன் செட்டியார் இரண்டும் சகஜம். தாத்தா பாட்டி பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைக்கிற வழக்கம் இருப்பதால் பெயருக்கும் ஆளின் நிறத்துக்கும் தொடர்பே இருக்காது, நல்ல கருப்பாக ஒரு சிகப்பி இருப்பார். கருப்பன் என்பது காவல் தெய்வத்தின் பெயர், இந்தச் சீமையில் கருப்பர் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், மற்றச் சமூகங்களிலும் கருப்பையா, கருப்பாயி ஏராளம். இன்றைக்கு அந்தப் பெயரைச் சான்றிதழில் மட்டும் வைத்துக்கொண்டு வெளியே கார்த்திக் என்று சொல்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், சங்கப் பாடல்களில் தலைவியின் அழகாகச் சொல்லப்படுவது மாமை, மாந்தளிர் போன்ற நிறம் என்பார்கள் உரைகாரர்கள். தலைவன் பிரிந்து போனால் அந்த மாமை கெட்டு உடம்பு வெளிறிப் பசலை படர்கிறது. அதாவது அங்கே வெளிறிப் போவதுதான் துயரம். இதை வைத்துக்கொண்டு ‘அந்தக் காலத்தில் பேதமே இல்லை’ என்று சொல்ல முடியாது. ஆனாலும் இப்போதைய ஏணி ஆதிகாலந்தொட்டு இப்படியே இருந்தது என்பதும் சரியில்லை.

ஏணி எதன் மேல் சாய்ந்திருக்கிறது என்று கேட்டால், வெயில் மேல் என்பேன். யார் வெயிலில் நிற்கிறார், யார் நிற்க வேண்டியதில்லை என்பதுதான். கண்மாய்க்கரையிலும் வயலிலும் சூளையிலும் வேலை செய்கிறவர் கருப்பார், வளவு வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவர் கருக்கமாட்டார் என்ற எண்ணம், அதன் பின்னாலேயே சாதியும் வந்து ஒட்டிக்கொள்கிறது. வசதியான வீட்டில் கருப்பாகப் பிறந்த பிள்ளையைக் கேலி செய்ய என்ன சொல் எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள், பெரும்பாலும் இன்னொரு சாதியின் பெயராகவோ ஒரு கூலி வேலையின் பெயராகவோ இருக்கும். “பார்த்தா நம்ம ஆளுக மாதிரி தெரியலையே” என்பதும் இதே ரகம். நிறத்தை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்க முடியாது என்பதற்கு எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியையும் பார்த்தால் போதும், ஒரே சாதி ஒரே குடும்பம், அத்தனை நிறமும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்.

சரி, ஒரு குறிப்பு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நகரத்தார் குடும்பம், அப்பாவும் அம்மாவும் பெண்ணும் வந்திருந்தார்கள். பெண் பொறியியல் படித்துச் சென்னையில் வேலை பார்க்கிறாள். பெயர், கோவில், பூர்வீக ஊர், நட்சத்திரம், படிப்பு எல்லாம் மளமளவென்று ஓடியது. நகரத்தார் ஒன்பது கோவில்களாகப் பிரிந்திருக்கிறார்கள், ஒரே கோவில்காரர்கள் பொதுவாகப் பங்காளி முறை என்பதால் கோவில் எது என்ற வரியில்தான் பாதி வரன்கள் கழிந்துவிடும், அப்புறம் ஜாதகத்தில் இன்னும் கொஞ்சம் கழியும், வயது வித்தியாசத்தில் இன்னும் கொஞ்சம். ஏற்கெனவே சின்ன வட்டம், அதில் மிஞ்சுவது கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுதான். இவ்வளவு குறுகின வட்டத்தில் நிறத்துக்கு என்ன வேலை என்று தோன்றும். வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நிறம் என்ற இடத்துக்கு வந்ததும் அப்பா “மாநிறம்னு போடுங்க” என்றார். அம்மா அவரை முறைத்துவிட்டு என்னைப் பார்த்து, “தம்பி, சிவந்த நிறம்னு போடுங்க, ஹாஸ்டல் தண்ணி, சென்னை வெயிலு, அதான் இப்படி இருக்கா, இல்லைன்னா நல்ல நிறம்” என்றார். “என்ன ஆச்சி, நேர்ல வந்து பார்க்கத்தானே போறாக” என்றேன். “வந்து பார்க்க வைக்கணும்ல, மொதல்ல” என்று பட்டென்று பதில் வந்தது. அந்த ஆச்சி சொன்னதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. குறிப்பில் எழுதும் நிறம் பெண்ணை வர்ணிப்பதற்கு இல்லை, கதவைத் திறக்க வைப்பதற்கு. வெயில் விளக்கமும் ஆச்சி சும்மா சொல்லவில்லை, கொஞ்சம் சரிதான். வெயில் படுகிற முகமும் முன்கையும் கருக்கும், மேல்கையின் உட்புறம் வெயில் படாத இடம் என்பதால் பிறவி நிறத்தை அங்கேதான் பார்க்க முடியும், தோல் மருத்துவத்திலும் அந்த இடத்தைத்தான் பார்ப்பார்கள். ஆனால் கல்யாணப் பேச்சில் யாரும் மேல்கையைப் பார்ப்பதில்லை.

பெண் அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அந்த லைனையே எடுத்துருங்கண்ணா” என்றாள். மூன்று பேர், மூன்று பதில். கடைசியில் என்ன நடந்தது தெரியுமா, மூன்று பிரதி அடித்தோம். உறவுக்காரர்கள் மூலம் போவதற்கு ‘மாநிறம்’, ஏனென்றால் அவர்களுக்குப் பெண்ணைத் தெரியும், பொய் சொல்லிப் பிரயோஜனமில்லை. தரகர் கையில் கொடுப்பதற்கு ‘சிவந்த நிறம்’. பெண் தானே இணையத் தளத்தில் ஏற்றுவதற்கு நிறமே இல்லாத பிரதி. ஒரே பெண்தான், யார் படிக்கப்போகிறார்கள் என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது.

போட்டோவுக்கு வருவோம், இப்போதெல்லாம் நிறம் பேசுவது அங்கேதான். போட்டோஷாப்பில் முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சத்தைக் கூட்டுவது நிமிஷ வேலை, மொபைலில் இருக்கும் ப்யூட்டி ஃபில்டர் அதைக் கேட்காமலேயே செய்துவிடுகிறது. கண்டுபிடிப்பதும் சுலபம். முகத்தைப் பார்க்காதீர்கள், கழுத்தையும் கைவிரல் முட்டியையும் பாருங்கள், முகம் ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக இருக்கும். படம் முழுவதையும் ஏற்றியிருந்தால் பட்டுப்புடவையின் அரக்கு வெளிறி ரோஸ் ஆகியிருக்கும், பின்னால் இருக்கும் சுவர் ஒரே வெள்ளையாக எரிந்திருக்கும், மூக்குத்திக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய நிழல் காணாமல் போயிருக்கும். அனுபவப்பட்ட மாமியார்கள் இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அதனால்தான் “ஸ்டுடியோ போட்டோ வேண்டாம், சும்மா வீட்ல எடுத்தது ஒண்ணு அனுப்புங்க” என்று கேட்கிறார்கள். வீடியோ காலில் “ஜன்னல் பக்கமா வந்து பேசும்மா, டவர் நல்லா கிடைக்கும்” என்று சொல்வதில் டவருக்கு எவ்வளவு பங்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி, மறுக்கும்போது. நிறம் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை, அது மரியாதை இல்லை. “ஜாதகம் சரியா அமையல” என்று வரும். ஜாதகம்தான் முதலிலேயே பார்த்தாயிற்றே என்று பெண் வீட்டார் கேட்கவும் மாட்டார்கள். நேரில் பார்க்கும்வரை பொருந்தியிருந்த ஜாதகம், பார்த்துவிட்டுப் போன மறுநாள் பொருந்தாமல் போனால் காரணம் என்ன என்று இரண்டு பக்கமும் தெரியும். ஊர் சின்னது, நாளைக்கே இன்னொரு கல்யாணத்தில் முகம் பார்த்தாக வேண்டும் என்பதால் இந்த நாகரிகம் வேண்டியிருக்கிறது. மறுக்காவிட்டாலோ பேச்சு வேறு பக்கம் திரும்பும். “பொண்ணு கலர் கொஞ்சம் கம்மிதான், எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லை” என்று தரகர் வாயால் ஒரு வார்த்தை விழும். ஒன்றும் இல்லை என்றால் அதை எதற்குச் சொல்ல வேண்டும்? அடுத்து வரும் நகைப் பேச்சில், சீர் சாமான் பேச்சில், அது வேலை செய்வதற்காக. இத்தனை பவுன் இதற்காக என்று யாரும் கணக்கு எழுதுவதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டதால் எழுதவும் முடியாது. ஆனால் கேட்பதற்கு ஒரு துணிச்சலும் கொடுப்பதற்கு ஒரு தயக்கமின்மையும் அந்த ஒரு வார்த்தையில் வந்துவிடுகிறது. முன்னால் நிறத்துக்கு என்ன வேலை என்று கேட்டேனே, இதுதான் வேலை. வட்டம் சின்னதாக இருப்பதால் நிறத்தை வைத்து வரனைத் தள்ளுவதற்கு இடம் குறைவு, விலையைப் பேசுவதற்குத்தான் அது அதிகம் பயன்படுகிறது.

இணையத் தளங்கள் இந்த ஏணியை அப்படியே எடுத்துக் கட்டம் போட்டுக் கொடுத்தன. வெரி ஃபேர், ஃபேர், வீட்டிஷ், வீட்டிஷ் ப்ரவுன், டார்க் என்கிற மாதிரி ஒரு பட்டியல். வெளுப்புப் பக்கம் இரண்டு படி, நடுவில் கோதுமையை வைத்து இன்னும் இரண்டு படி, நம்மில் பெரும்பாலோர் இருக்கும் அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு சொல். கோதுமை இந்தப் பக்கம் விளைவதும் இல்லை, எங்கள் ஆயாமார் அதை நிறத்துக்கு உவமையாகச் சொன்னதும் இல்லை, வடக்கத்தி இங்கிலீஷ் விளம்பரத்திலிருந்து இறங்கி, மாநிறம் என்று எழுதக் கூசுகிறவர்களுக்குக் கைகொடுத்திருக்கிறது. 2020 ஜூனில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு எழுந்த போராட்டங்களின் நேரத்தில், அங்கே வசிக்கும் இந்தியப் பெண்கள் சிலர் கையெழுத்து இயக்கம் நடத்தியதும் ஷாதி தளம் தேடலில் இருந்த நிற வடிகட்டியை எடுத்தது. 1975ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லியும் அதே 2020ல்தான் குளோ அண்ட் லவ்லி ஆனது. கட்டம் போனது நல்லதுதான், ஆனால் கட்டத்தில் இருந்த சங்கதி போட்டோவுக்கும் ‘எதிர்பார்ப்பு’ என்ற பத்திக்கும் குடிபெயர்ந்துவிட்டது. ‘ஃபேர்’ இருந்த இடத்தில் இப்போது ‘குட் லுக்கிங்’, ‘ப்ளெசன்ட்’, ‘ஜோடிப் பொருத்தம் முக்கியம்’.

இதற்கிடையில் டஸ்கி என்று ஒன்று வந்திருக்கிறது. சினிமா, மாடலிங் பேச்சிலிருந்து வந்த சொல், சென்னை பெங்களூரில் வேலை பார்க்கும் பெண்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதும்போது பயன்படுத்துகிறார்கள். மாநிறம் மாதிரி பதுங்குவதில்லை, நான் கருப்புத்தான், நன்றாகவும் இருக்கிறேன் என்கிற தொனி அதில் இருக்கிறது. ஆனால் நல்ல சம்பளமும் நல்ல போட்டோவும் கூட இருந்தால்தான் அந்தச் சொல் எடுபடுகிறது. புதுவயல் மில்லுக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை யாரும் டஸ்கி என்று சொல்லி நான் கேட்டதில்லை, அவள் கருப்பு, அல்லது இருந்தாலும் போட்டுக் கருப்பு. குறிப்பை வாங்கிப் படிக்கும் மாமியாருக்கும் டஸ்கி புரிவதில்லை. ஒருவர் என்னிடமே, “டஸ்கின்னா என்ன தம்பி, படிப்பா?” என்று கேட்டார்.

மூன்று பிரதி எடுத்துப் போன அந்தக் குடும்பத்துக்கு இன்னும் முடியவில்லை, பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. பெண் ஏற்றிய பிரதியைப் பார்த்துவிட்டு வெளியூரிலிருந்து ஒரு பையன் வீட்டார் கூப்பிட்டிருக்கிறார்கள், கோவிலும் வேறு, ஜாதகமும் சரி. படிப்பு, வேலை, பூர்வீகம் எல்லாம் நல்லபடியாகப் பேசிவிட்டு, போனை வைக்கும் முன்னால் பையனின் அம்மா கேட்டாராம்: “நிறம் மட்டும் போடலையே, அடிக்கிறவர் விட்டுட்டாரா?”